படித்துறையில் தெரியும் படிகள்: கோடை முகாமுக்கு ஒரு மாணவியின் பயோ

வாசகர் கடிதம்

என் மகள் பதினொன்றாம் வகுப்பு, உயிரியல் பிரிவு. திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். மே மாதம் இரண்டு வாரம் தங்கிப் படிக்கும் சூழலியல் முகாம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறாள். ‘மாணவரைப் பற்றிய பயோ, 150 சொற்களுக்குள், படர்க்கையில்’ என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்கள். அவளிடம் பெரிய சான்றிதழ் எதுவும் இல்லை. அபாகஸ் இரண்டு நிலை, இந்தி பிராத்மிக், நான்கு வருடமாகச் சிலம்பம், ஓவியப் போட்டியில் ஆறுதல் பரிசு, இவ்வளவுதான். இஸ்ரோவின் யுவிகா மாணவர் முகாமுக்கே சான்றிதழ் கேட்கிறார்கள், இங்கே மட்டும் விடுவார்களா என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் அண்ணன் மகன் ஒரு பயோ எழுதிக் கொடுத்தான். நகரத்தில் ஒருவர் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு ‘தேர்வாகும்படி’ எழுதித் தருகிறேன் என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர்க் குளத்தில் பறவை எண்ணி ஒரு நோட்டில் எழுதுவாள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து இதே விளையாட்டுத்தான். சென்ற ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கும் போய்வந்தாள். அதையெல்லாம் எழுதலாமா? எங்களுக்குச் சின்ன டீக்கடை. மாலையில் கணக்கு எழுதுவது அவள்தான். அதைச் சொன்னால் மதிப்புக் குறைந்துவிடுமோ, அல்லது இரக்கப்பட்டு இடம் கொடுப்பார்களோ? அண்ணன் மகன் எழுதியதையும் நோட்டின் மூன்று பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

— ஒரு தாய்

ஆலோசகர் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அண்ணன் மகன் எழுதிய குறிப்பை ஒரு முறை படித்தேன். நோட்டின் மூன்று பக்கங்களை நான்கு முறை படித்தேன். கல்லூரியில் பல ஆண்டுகள் விலங்கியல் நடத்தியவள் நான். இதுபோன்ற முகாம்களுக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் அமர்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், உங்கள் மகளின் பயோ அந்த நோட்டுக்குள்தான் இருக்கிறது. நீங்கள் விளையாட்டு என்று எழுதியதுதான் இந்த விண்ணப்பத்தின் முதுகெலும்பு.

யுவிகா வேறு, இது வேறு

உங்களுக்குச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. 2019இல் தொடங்கிய யுவிகா ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கானது. அங்கே தேர்வு எடைமதிப்பெண் முறையில் நடக்கிறது. எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்குப் பெரும்பங்கு உண்டு. அறிவியல் கண்காட்சி, ஒலிம்பியாட், விளையாட்டு, சாரணர் இயக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எடை உண்டு, கிராமப்புறப் பள்ளியில் படிப்பதற்கும் உண்டு. ஆகவே அங்கே ஒரு சான்றிதழ் கூடினால் எண்ணும் கூடும். அதற்குச் சான்றிதழ்களைத் தேடிப் பிடித்து இணைப்பது சரியான வழிதான்.

உங்கள் மகள் விண்ணப்பிக்கும் முகாமில் ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்கிறார். ஒரு மாலையில் அறுபது, எழுபது விண்ணப்பங்கள் அவர் முன்னால் இருக்கும். மதிப்பெண்ணுக்கு ஒரு கட்டம், செயல்பாடுகளுக்கு ஒரு கட்டம், ஏன் வர விரும்புகிறாய் என்ற கட்டுரைக்கு ஒரு பக்கம், ஆசிரியரின் பரிந்துரைக்கு இன்னொரு பக்கம் என எல்லாம் தனித்தனியே இருக்கும். பயோவிலிருந்து அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பிள்ளை யாரும் சொல்லாமல் தானாக எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறாள், அதை எப்படிச் செய்கிறாள்? இரண்டு வாரம் வெயிலிலும் சேற்றிலும் நின்று கவனிக்கப் போகிற பிள்ளையை அவர் தேடுகிறார். அபாகஸ் இரண்டாம் நிலை அதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

அண்ணன் மகன் எழுதிய முதல் வரியைப் பாருங்கள்: ‘சிறுவயது முதலே அறிவியலில் தீராத ஆர்வமும் தலைமைப் பண்பும் கொண்ட பன்முகத் திறமையாளர்.’ இதில் உங்கள் மகளின் பெயரை எடுத்துவிட்டு அடுத்த வீட்டுப் பிள்ளையின் பெயரைப் போட்டாலும் வரி அப்படியே நிற்கும். அந்த மாலையில் வரும் விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் தொடங்கும். படிப்பவரின் கண் இரண்டாவது வரிக்குப் போவதற்குள் களைத்துவிடும். தம்பி அன்போடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் எழுதியது அவளை அறியாத யாரும் எழுதக்கூடியது.

நோட்டில் நான் கண்டது

நவம்பர் மாதப் பக்கத்தில் நாள், நேரம், வானம் எப்படி இருந்தது என்பதெல்லாம் இருக்கின்றன. அதற்கடுத்து ‘படி 2’ என்று ஒரு குறிப்பு. முதலில் எனக்குப் புரியவில்லை. அடுத்த பக்கத்தில் ‘படி 5’, பிப்ரவரியில் ‘படி 9’ என்று வந்தபோதுதான் விளங்கிற்று. குளத்தின் படித்துறையில் எத்தனை படிகள் நீருக்கு வெளியே தெரிகின்றன என்று எண்ணி எழுதியிருக்கிறாள். நீர்மட்டத்தை அளக்க அவளிடம் அளவுகோல் இல்லை, ஊரில் இருந்த ஒன்றையே அளவுகோல் ஆக்கிக்கொண்டாள். இதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்றால், குழுவில் இருந்தபோது நான் தேடிக்கொண்டிருந்த பிள்ளை இவள்தான்.

எண்ணிக்கைகளும் பேசுகின்றன. இரண்டு படி தெரிந்த நவம்பர் ஞாயிறில் முக்குளிப்பான் 14, பவளக்காலி ஒன்றுகூட இல்லை. பிசான நெல்லுக்கு மடை திறந்து நீர் இறங்கி ஒன்பது படி தெரிந்த பிப்ரவரியில் முக்குளிப்பான் 3, பவளக்காலி 41. முக்குளிப்பான் மூழ்கி இரை தேடும் பறவை, அதற்கு ஆழம் வேண்டும். பவளக்காலி நீண்ட சிவந்த கால்களால் நடந்து இரை எடுப்பது, அதற்கு முழங்கால் நனையும் நீர் போதும், ஆழமானால் நிற்க முடியாது. ஒரு குளம் வற்றும்போது அங்கே யார் வீட்டைக் காலி செய்கிறார்கள், யார் குடியேறுகிறார்கள் என்பதை உங்கள் மகள் எண்ணால் எழுதி வைத்திருக்கிறாள்.

இதைவிட எனக்குப் பிடித்தது ஜனவரி மூன்றாம் ஞாயிறின் குறிப்பு. அன்று ஏழு படி தெரிகிறது. அவளுடைய கணக்குப்படி பவளக்காலிகள் வந்திருக்க வேண்டும். ஒன்றும் இல்லை. 0 என்று எழுதிவிட்டு, பக்கத்திலேயே ‘மடைப் பக்கம் வலை போட்டிருந்தார்கள்’ என்று குறித்திருக்கிறாள். தனக்குப் பிடித்த முடிவுக்கு ஒத்துவராத எண்ணை அழிக்காமல், அன்று வேறு என்ன மாறியிருந்தது என்று சுற்றிப் பார்த்திருக்கிறாள். பட்டப்படிப்பு மாணவர்களிடம் இந்தப் பழக்கத்தை உண்டாக்க நான் மூன்று ஆண்டு போராடியிருக்கிறேன்.

சான்றிதழ் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், நாளிட்ட அந்த நோட்டே சான்று. கணக்கெடுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011 முதல் ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் அகத்தியமலை மையம் முன்னின்று நடத்திவருவது. தன்னார்வலர்கள் குழுக்களாகப் பிரிந்து குளம் குளமாகப் போய் எண்ணுகிறார்கள். சூழலியல் முகாமை நடத்துபவர்களுக்கு அதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. பறவைப் பட்டியல்களைப் பதியும் இ-பேர்டு தளத்தில் அவளுக்குக் கணக்கு இருந்தால் அங்கே பதிந்த பட்டியல்களும் நாள், நேரம், எண்ணிக்கையோடு நிற்கும். இல்லாவிட்டால் இன்று தொடங்கட்டும், பழைய நாட்களின் பட்டியல்களையும் அந்தந்தத் தேதியிலேயே பதியலாம். ஆனால் நோட்டில் இல்லாத எதையும் நினைவிலிருந்து சேர்க்கக் கூடாது.

எதை வைப்பது, எதை விடுவது

150 ஆங்கிலச் சொற்கள் என்பது எட்டு அல்லது ஒன்பது வாக்கியம். தமிழில் எழுதினால் சொல் எண்ணிக்கை இன்னும் குறையும், ஆங்கிலத்தில் தனித்தனியே நிற்கும் சிறு சொற்கள் தமிழில் விகுதியாக ஒட்டிக்கொள்கின்றன. அவள் முதலில் தமிழில் எண்பது, தொண்ணூறு சொற்களில் எழுதட்டும். ஆங்கிலத்தில் அது 130ஐ ஒட்டி வரும், திருத்தத்துக்கும் கொஞ்சம் இடம் மிஞ்சும். நேராக ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கும் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்ததை எழுதுவதில்லை, தங்களுக்கு எழுத வரும் ஆங்கில வாக்கியத்தையே எழுதிவிடுகிறார்கள். ‘தீராத ஆர்வம்’ எல்லாம் அப்படித்தான் உள்ளே நுழைகிறது.

எழுதுவதற்கு முன் ஒரு தாளில் அவள் செய்கிற எல்லாவற்றையும் கீழ்க்கீழே எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எப்போதிலிருந்து, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அதில் அவள் கை என்ன செய்தது, காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்ற நான்கையும் நிரப்பட்டும். அபாகஸுக்கு எதிரே ‘ஐந்தாம் வகுப்பில் விட்டுவிட்டேன்’ என்று வரும், பிராத்மிக்குக்கு எதிரே ‘ஒரு தேர்வு எழுதினேன்’. ஓவியம் ஒரே ஒரு நாள். இவற்றில் வெட்கப்பட ஒன்றுமில்லை. செயல்பாடுகளுக்கான கட்டத்தில் ஒரு வரி இடம் இருந்தால் அங்கே போகட்டும், பயோவில் வேண்டாம். பறவைக்கு எதிரே மட்டும் நான்கும் நிறையும். சிலம்பத்துக்கு எதிரே மூன்று நிறையும்.

சிலம்பத்தை நான் விடமாட்டேன். கடைசியில் ஒரு வாக்கியம் போதும். நான்கு ஆண்டு ஒன்றை விடாமல் பயில்கிறாள் என்பது ஒரு செய்தி. அவளோடு இரண்டு வாரம் தங்கப்போகும் மற்றப் பிள்ளைகளுக்குப் பேச்சைத் தொடங்க ஒரு நூலும் கிடைக்கும். ஆனால் ‘சிலம்பம் எனக்குத் தன்னம்பிக்கையைக் கற்றுத்தந்தது’ என்று நீட்ட வேண்டாம். பயில்கிறாள் என்று சொல்லி நிறுத்துங்கள்.

இன்னொன்று, வினைச்சொற்களைக் கவனியுங்கள். தம்பி எழுதியதில் ‘நீர்ப்பறவைகள் குறித்து ஆராய்ச்சி மேற்கொண்டு, தாமிரபரணிக் கணக்கெடுப்பை நடத்தியவர்’ என்று இருக்கிறது. அவள் நடத்தவில்லை, ஒரு நாள் தன்னார்வலராகப் போனாள். ஆராய்ச்சியும் செய்யவில்லை, எண்ணிக் குறித்து வருகிறாள். ஒரே குளம், ஒரே ஆள், வாரத்துக்கு ஒரு மணி நேரம். அதற்குரிய சொல் அதுவே, அந்தச் சொல்லுக்கு மதிப்பும் உண்டு. கணக்கெடுப்பை நடத்துபவர்களை நன்றாக அறிந்த ஒருவர் தேர்வுக் குழுவில் இருக்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது. ‘நடத்தியவர்’ என்ற ஒரு சொல்லைக் கண்டதும் அவர் மற்ற ஒவ்வொரு வரியையும் சந்தேகிக்கத் தொடங்குவார், உண்மையான அந்த 41 பவளக்காலியையும் சேர்த்து.

அவளுடைய பொருளைக் கொண்டு நான் ஒரு மாதிரி எழுதிப் பார்த்தேன். இதை அப்படியே அனுப்புவதற்காகத் தரவில்லை. எந்த அளவுக்கு வெறும் செய்தியாக இருக்கலாம் என்று காட்டத்தான்:

“(பெயர்) திருநெல்வேலி மாவட்டத்தில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறார். ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஞாயிறுதோறும் காலையில் ஒரு மணி நேரம் ஊர்ப் பாசனக் குளத்தில் நீர்ப்பறவைகளை எண்ணிக் குறித்து வருகிறார். படித்துறையில் எத்தனை படிகள் வெளியே தெரிகின்றன என்பதைக் கொண்டு நீர்மட்டத்தையும் குறிக்கிறார். நீர் இறங்க இறங்க முக்குளிப்பான்கள் குறைந்து பவளக்காலிகள் கூடுவதைக் கண்டிருக்கிறார். வலை போட்டிருந்த ஒரு நாளில் இந்த ஒழுங்கு கலைந்ததையும் குறித்திருக்கிறார். சென்ற ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் தன்னார்வலராகப் பங்கேற்றார். மாலை நேரத்தில் குடும்பத்தின் தேநீர்க் கடையில் கணக்கு எழுதுகிறார். நான்கு ஆண்டுகளாகச் சிலம்பம் பயில்கிறார்.”

இதில் ‘ஆர்வம்’ என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பெருமைப்படுத்தும் அடைமொழியும் இல்லை. ஆனாலும் ஒரு பிள்ளை குளக்கரையில் நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது. படர்க்கையில் எழுதச் சொன்னால் தன்னைத்தானே புகழ வேண்டும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படியல்ல, முகாம் தொடங்கும் நாளில் யாரோ ஒருவர் இதை வாசித்து அவளை மற்றவர்களுக்கு அறிமுகம் செய்வார், அதற்காகவே படர்க்கை. அவள் பக்கத்தில் நிற்கும்போது உரக்க வாசித்தால் அவளுக்குக் கூசாத வாக்கியம் எதுவோ அதுதான் சரியான வாக்கியம்.

‘கண்டிருக்கிறார்’ என்று எழுதுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் அனுப்பிய மூன்று பக்கங்களும் ஒரே பருவத்தவை. மற்றப் பருவத்தின் பக்கங்களிலும் இதே மாற்றம் தெரிகிறதா என்று அவளைப் பார்க்கச் சொல்லுங்கள். தெரிந்தால் ‘இரண்டு பருவங்களிலும்’ என்று சேர்க்கலாம், வரியின் எடை கூடும். தெரியாவிட்டால் ‘ஒரு பருவத்தில்’ என்றே எழுதட்டும். அதனால் விண்ணப்பம் பலவீனப்படாது. ஏன் ஒரு பருவத்தில் மட்டும் என்ற கேள்வி, முகாமுக்கு வர விரும்பும் காரணத்தைக் கேட்கும் கட்டுரைக்கு நல்ல தொடக்கமாக அமையும்.

கடையைப் பற்றி

உங்கள் கேள்வியில் இரண்டு அச்சங்கள் கலந்திருக்கின்றன. கடையைச் சொன்னால் மதிப்புக் குறையும் என்பது முதலாவது. குறையாது. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொதுவான ‘காமன் ஆப்’ விண்ணப்பத்தில் செயல்பாடுகளின் வகைகளில் ‘குடும்பப் பொறுப்புகள்’ என்றே ஒரு வகை இருக்கிறது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதும் கடையில் நிற்பதும் கால்பந்தைப் போலவே செயல்பாடுகள்தான். மாலையில் கடையில் கணக்கு எழுதும் ஒரு பிள்ளை ஞாயிறு காலையை மட்டும் குளத்துக்கு ஒதுக்குகிறாள் என்பதைப் படிப்பவர் தாமே சேர்த்துப் புரிந்துகொள்வார்.

இரக்கம் இரண்டாவது. பயோவில் வறுமையை விவரித்து இடம் கேட்க வேண்டாம். கௌரவத்துக்காக இதைச் சொல்லவில்லை, பயோவைப் படிக்கிறவர் கட்டணத்தை முடிவு செய்கிறவர் அல்ல என்பதே காரணம். கட்டணச் சலுகை வேண்டுமென்றால் அதற்கென்று தனிப் படிவம் இருக்கும், இல்லாவிட்டால் மின்னஞ்சலில் கேளுங்கள். வருமானச் சான்றிதழ் கேட்பார்கள். இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்து வையுங்கள், கடைசி வாரத்தில் அலைய வேண்டாம். சலுகை கேட்டால் தேர்வு பாதிக்குமா என்பதையும் அதே மின்னஞ்சலில் நேராகக் கேட்டுவிடலாம்.

கடை வரியை வைப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்யவேண்டியவள் உங்கள் மகள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு எது தன்னைப் பற்றிச் சொல்லப்பட வேண்டும், எது வேண்டாம் என்ற கருத்து உறுதியாக இருக்கும். அவள் வேண்டாம் என்றால் ஏன் என்று துருவாமல் எடுத்துவிடுங்கள். அந்த வரி இல்லாமலும் குறிப்பு நிற்கும்.

பதினைந்தாயிரம் ரூபாய்

கொடுக்காதீர்கள். பணம் வீணாவது மட்டுமல்ல இதில் உள்ள ஆபத்து. இத்தகைய விண்ணப்பங்களில் எழுதியது மாணவரே என்று உறுதிமொழி கேட்பது வழக்கம், பெற்றோரின் கையெழுத்தும் சேர்த்துக் கேட்பார்கள். உங்கள் படிவத்தில் அப்படி இருந்தால், வேறொருவர் எழுதியதற்குக் கீழே நீங்களும் மகளும் ஒப்பமிட வேண்டிவரும்.

ஒரு நேர்காணலை என்னால் மறக்க முடியவில்லை. ஒரு மாணவனின் பயோவில் ‘மண்ணின் ஈரத்தை அறிந்து தானாக நீர் பாய்ச்சும் கருவியை வடிவமைத்தவர்’ என்று இருந்தது. ஈரத்தை எப்படி அளந்தாய் என்று கேட்டோம். பையன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். கடையில் வாங்கிய பாகங்களை யாரோ பொருத்திக் கொடுத்திருக்கிறார்கள். சற்று நேரம் கழித்து, தாழ்ந்த குரலில், மொட்டை மாடியில் மூன்று வகைக் கீரை வளர்ப்பதாகவும், சிறுகீரைத் தொட்டிதான் முதலில் காய்வதாகவும், அதற்கு வெயில் படும் பக்கம் காரணமா தொட்டி காரணமா என்று தெரியாமல் இரண்டையும் இடம் மாற்றி வைத்துப் பார்த்ததாகவும் சொன்னான். அது பயோவில் ஒரு வரிகூட இல்லை. எழுதிக்கொடுத்தவருக்குக் கீரை பெரிதாகப் படவில்லை போலும். குழு அவனைத் தேர்ந்தெடுக்கவில்லை. எழுதியதை நம்ப முடியாமல் போனபின் சொன்னதை நம்புவதும் குழுவுக்குக் கடினமாகிவிட்டது. நான் இன்னும் கொஞ்சம் வாதாடியிருக்க வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அதற்காக யாருமே உதவக்கூடாது என்பதில்லை. நீங்கள் கேள்வி கேட்கலாம்: ‘எத்தனை மணிக்குப் போவாய்? எப்படி எண்ணுவாய்? பெருங்கூட்டமாக இருந்தால் என்ன செய்வாய்?’ அவள் சொல்லும் பதிலை அவளே எழுதட்டும். அண்ணன் மகனுக்கு ஆங்கிலம் நன்றாக வரும் என்றால், அவள் எழுதிய ஆங்கிலத்தில் பிழைகளுக்கு அடியில் கோடிட்டுக் கொடுக்கட்டும், திருத்துவது அவள் கை. ஒரு வாக்கியத்தை அவர் மாற்றி எழுதத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். பவளக்காலிக்கும் முக்குளிப்பானுக்கும் ஆங்கிலப் பெயர் என்ன என்பதைப் பறவைக் கையேட்டில் சரிபார்த்து எழுதட்டும். அந்தத் துறையினர் பார்வையில் முதலில் படுவது பெயர்ப் பிழைதான்.

பரிந்துரைக் கடிதம் தரும் ஆசிரியருக்கும் நோட்டைக் காட்டுங்கள். அவர் ‘நன்னடத்தை உள்ள மாணவி’ என்று மட்டும் எழுதிவிட்டால் பயோவில் சொன்ன எதற்கும் பக்கபலம் இருக்காது. நோட்டைப் புரட்டிப் பார்த்தவர் அப்படி எழுதமாட்டார்.

குறிப்பில் இடம்பெறக் கூடாதவை

கிராமத்தின் பெயர், பிறந்த தேதி, கைப்பேசி எண், தினமும் எத்தனை மணிக்கு எங்கே தனியாகப் போகிறாள் என்பவை பயோவில் வேண்டாம். விண்ணப்பத்தில் கேட்கும் தனிக் கட்டங்களில் கேட்டதை மட்டும் நிரப்புங்கள். நான் மாதிரியில் ஊரை விட்டு மாவட்டத்தோடு நின்றதும், காலை என்று மட்டும் சொல்லி மணியைச் சொல்லாததும் இதற்காகத்தான். பல முகாம்கள் தேர்வான பிள்ளைகளின் பயோவைப் படத்தோடு தங்கள் இணையதளத்திலும் கையேட்டிலும் போடுகின்றன. அது நடக்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். 2023இல் இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆகவே ‘பெயரும் மாவட்டமும் போதும், படம் வேண்டாம்’ என்று நீங்கள் எழுதிக் கேட்பதில் தவறாக எண்ண ஒன்றுமில்லை, அதனால் இடம் போய்விடும் என்று அஞ்சவும் வேண்டாம்.

பறவைகளின் பொருட்டும் ஒரு வேண்டுகோள். எந்தப் பறவை எந்த மரத்தில் கூடு கட்டியிருக்கிறது என்ற விவரம் அவள் நோட்டில் இருந்தால் அது நோட்டிலேயே இருக்கட்டும்.

அனுப்பும்போது இரண்டு சிறு காரியங்கள். சில படிவங்கள் சொற்களை எண்ணாமல் எழுத்துகளை எண்ணும், எல்லையைத் தாண்டினால் கடைசி வாக்கியத்தை ஒன்றும் சொல்லாமல் வெட்டிவிடும். ஒட்டியபின் கடைசிச் சொல் வரை கட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி நாள் இரவுக்கு விடாதீர்கள்.

மகளிடம் நான் கேட்க விரும்பும் ஒன்று மீதம் இருக்கிறது. அந்தப் படித்துறையின் படிகள் எல்லாம் ஒரே உயரமா? பழைய படித்துறைகளில் கீழ்ப்படிகள் பெரும்பாலும் உயரமாகவோ தேய்ந்தோ இருக்கும். அப்படியானால் இரண்டுக்கும் ஐந்துக்கும் இடையில் இறங்கிய நீரும், ஆறுக்கும் ஒன்பதுக்கும் இடையில் இறங்கிய நீரும் ஒன்றாகாது. நேர்காணலில் யாராவது கட்டாயம் இதைக் கேட்பார்கள். வருகிற ஞாயிறு அளவு நாடாவை எடுத்துப்போய், வெளியே தெரியும் ஒவ்வொரு படியையும் அளந்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கட்டும். நீருக்கு அடியில் இருப்பவற்றை ஏப்ரலில் அளந்துகொள்ளலாம்.